அளவு தெரியாமல் எழுதும் கடைப் போர்டு வாசகம்

"கடைக்குப் போர்டு வைக்கணும், வாசகம் எழுதிக் குடுங்க சார்." பெரும்பாலும் இதோடு வாட்ஸ்அப் செய்தி முடிந்துவிடும். என்ன கடை, தமிழ் மட்டுமா ஆங்கிலமும் உண்டா, போர்டு எத்தனை அடி, எதுவும் இருக்காது. உடனே எழுதிக் கொடுப்பதுதான் முதல் தவறு. எதுவும் தெரியாதபோது கை தானாக "தரமான பொருட்கள், நியாயமான விலை" என்று எழுதிவிடும். அது மருந்துக் கடைக்கும் பொருந்தும், செருப்புக் கடைக்கும் பொருந்தும். எதிரே வருகிறவருக்கு உள்ளே என்ன விற்கிறார்கள் என்று மட்டும் சொல்லாது.

அதைவிடப் பெரிய தவறு, வாசகத்தை முடித்துவிட்டு அளவு கேட்பது. கணக்கோடு சொன்னால்தான் இது புரியும்.

ஒரு ஷட்டர் கடை. போர்டு 10 அடி நீளம், 3 அடி உயரம் என்று வைப்போம். உரிமையாளர் கேட்கும் பெயர்: "ஸ்ரீ முருகன் எலக்ட்ரிகல்ஸ் மற்றும் பிளம்பிங் மெட்டீரியல்ஸ்". 120 அங்குல நீளத்தில் இரு பக்கமும் 6 அங்குலம் விட்டால் மிச்சம் 108. இந்த விளிம்பில் கஞ்சத்தனம் வேண்டாம், ஃபிளெக்ஸை ஃபிரேமின் பின்பக்கம் மடக்கித்தான் அடிப்பார்கள். ஓரத்து எழுத்து மடிப்புக்குள் போய்விடும்.

அந்தப் பெயரில் இடைவெளியும் சேர்த்து ஏறக்குறைய 35 எழுத்து இடம் வருகிறது. 'மெ' போன்ற எழுத்துக்குக் கொம்போடு இரண்டு இடம் என்று எண்ண வேண்டும். 108-ஐ 35-ஆல் வகுத்தால் ஓர் எழுத்துக்கு 3 அங்குலம், நடுவில் இடைவெளி போக அகலம் இரண்டரை அங்குலம், உயரமும் ஏறக்குறைய அதேதான். ஓர் அங்குல எழுத்தைச் சிரமமில்லாமல் படிக்கச் சுமார் 10 அடி தூரம் என்பது தொழிலில் உள்ள தோராயக் கணக்கு. அப்படியானால் இந்தப் பெயர் 25 அடிக்குள் வந்தால்தான் தெரியும். பைக்கில் வருகிறவர் அதற்குள் கடையைத் தாண்டிவிடுவார்.

இப்போது "முருகன் எலக்ட்ரிகல்ஸ்" என்று மட்டும் எடுங்கள். 13 இடம், ஓர் எழுத்துக்கு 8 அங்குலத்துக்குச் சற்று மேல், உயரம் 7 அங்குலம். 70 அடியில் தெரியும். பிளம்பிங் சாமான் கிடைக்கும் என்பதை அடுத்த வரியில் சிறிய எழுத்தில் "பைப், குழாய், மோட்டார்" என்று பொருளாகவே சொல்லிவிடலாம்.

உயரத்திலும் ஒரு பொறி இருக்கிறது. 7 அங்குல எழுத்துக்கு 7 அங்குல வரி போதாது. 'ரி'யின் கொக்கியும் புள்ளியும் மேலே போகும், 'மு'வின் கால் கீழே இறங்கும். வரிக்கு 11 அங்குலமாவது ஒதுக்க வேண்டும். ஆங்கில எழுத்தை மனத்தில் வைத்துக் கட்டம் போடும் டிசைனர்கள் இதில்தான் தமிழை நசுக்குகிறார்கள்.

மொழியைப் பற்றிக் கேட்காமல் விடுவதும் பிறகு வேலையை இரட்டிப்பாக்கும். தமிழ்நாட்டில் கடைகள் மற்றும் நிறுவனங்கள் விதிகள், 1948-இன்படி பெயர்ப் பலகையில் தமிழ் இருக்க வேண்டும், வேறு மொழி சேர்த்தால் தமிழ் முதலில் வர வேண்டும். தமிழுக்கு 5 பங்கு, ஆங்கிலத்துக்கு 3, பிற மொழிக்கு 2 என்பது அரசு சொல்லும் அளவு. ஆங்கிலம் பெரிதாகவும் தமிழ் மூலையிலும் வடிவமைத்துவிட்டால் பலகையையே மாற்ற நேரிடும். நம் உதாரணத்தில் தமிழ் 7 அங்குலம் என்றால் ஆங்கிலம் 4 அங்குலத்தில் அழகாக உட்காரும்.

கேட்டும் பதில் வராவிட்டால்? வெட்டக்கூடிய வாசகமாக எழுதுங்கள். முதல் வரி பெயரும் கடை வகையும், இரண்டாவது வரி மூன்று பொருள்கள், மூன்றாவது கைபேசி எண். இடம் குறைந்தால் கீழிருந்து நீக்கினாலும் மீதி தனியாக நிற்கும். பெயரையும் பொருள்களையும் ஒரே நீள வாக்கியமாகக் கோத்துவிட்டால் எங்கே வெட்டுவது என்று அச்சகத்தில் அவரவர் முடிவுசெய்வார்கள்.

வாசகத்தை அனுப்பியதோடு வேலை முடியாது. பழைய டிசைன் மென்பொருளில் யூனிகோடு தமிழை ஒட்டினால் 'ெ' கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்பதுண்டு. 'மளிகைக் கடை'யில் உள்ள 'க்' காணாமல் போகும். ஆகவே அச்சுக்கு முன் படமாக வாங்கி, நீங்கள் அனுப்பியதோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். வெட்டி ஒட்டும் எல்.இ.டி. எழுத்து என்றால் புள்ளிகளை எண்ணுங்கள். புள்ளி தனித் துண்டு என்பதால் அதுதான் முதலில் விழும். 'எலக்ட்ரிகல்ஸ்' என்பதில் மட்டும் நான்கு புள்ளி இருக்கிறது.