கழுத்திலோ கமக்கட்டிலோ நோகாத கட்டி: எப்படிப் பார்ப்பது, எப்போது ஆஸ்பத்திரிக்குப் போவது

எங்கட வன்னிப் பக்கம் கழுத்தில் நெறி கட்டினால் முதலில் கேட்கிற கேள்வி, “நோகுதா?” என்பதுதான். நோகவில்லை என்றால், சரி, தானாக வற்றும் என்று விட்டுவிடுவார்கள். ஆனால் திடீரென்று வீங்கி, தொட்டாலே நோகிற நெறி பெரும்பாலும் பல், தொண்டை, தலைப்புண் போன்ற கிருமித் தொற்றால் வருவது. அது ஆறியதும் நெறியும் வற்றிவிடும். நோகாமல், காய்ச்சல் தடிமன் ஒன்றும் இல்லாமல், கிழமைக்கணக்கில் அப்படியே இருக்கிற நெறியைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். அதை வீட்டில் எப்படிப் பார்ப்பது, அப்புறம் எங்கே போவது என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: தொட்டுப் பாருங்கள்

கதிரையில் நேராக இருந்து, கட்டி உள்ள பக்கமாகத் தலையைக் கொஞ்சம் சாயுங்கள். அப்போதுதான் கழுத்துத் தசை இளகும். மூன்று விரல் நுனிகளால், அழுத்தாமல், வட்டமாக உருட்டித் தடவுங்கள். தாடைக்குக் கீழே தொடங்கி, காதுக்குக் கீழ், கழுத்தின் பக்கம், பிடரி என்று வந்து, கடைசியில் காறை எலும்புக்கு மேலே உள்ள பள்ளத்தையும் பாருங்கள். கமக்கட்டைப் பார்க்கும்போது கையை உயர்த்தக் கூடாது, தசை இறுகிவிடும். கையை மேசையில் வைத்துவிட்டு மற்றக் கையால் உள்ளே தடவுங்கள்.

மூன்று விடயத்தைக் கவனியுங்கள்: எவ்வளவு பெரிது, எவ்வளவு கெட்டி, விரலுக்கு அசைகிறதா. ஒரு சென்ரிமீற்றர் என்பது கிட்டத்தட்ட ஒரு கச்சான் பருப்பளவு. அதற்குக் குறைவாக, மெத்தென்று, வழுக்கி அசைகிற நெறி பலருக்கும் இருக்கும், பிள்ளைகளுக்கு இன்னும் அதிகம். பார்த்த திகதியையும் அளவையும் கலண்டரில் எழுதிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். நாள் முழுக்க அமுக்கிக்கொண்டிருந்தால் நல்ல நெறியும் வீங்கி நோகும். கிழமைக்கு ஒருமுறை பார்த்தால் போதும். (தொண்டையின் நடுவில் இருந்து, விழுங்கும்போது மேலும் கீழும் அசைகிற கட்டி பொதுவாகத் தைரொயிட் சார்ந்தது. அதையும் காட்டத்தான் வேண்டும்.)

படி 2: காரணத்தைத் தேடுங்கள்

பிள்ளையின் பிடரியில் நெறி என்றால் தலைமயிரை விலக்கிப் பாருங்கள். பேன் கடித்துச் சொறிந்த புண் இருக்கலாம். தாடைக்குக் கீழே என்றால் பல்லைப் பாருங்கள். கமக்கட்டு என்றால் அந்தக் கையில் முள்ளோ கத்தியோ கிழித்த காயம் உண்டா என்று பாருங்கள். பெண்கள் அந்தப் பக்க மார்பையும் தடவிப் பார்க்க வேண்டும்.

வெத்திலை, புகையிலை போடுபவர் என்றால் வாயைத் திறந்து வெளிச்சத்தில் பாருங்கள். நாக்கின் பக்கவாட்டையும், நாக்குக்கு அடியையும், கன்னத்தின் உள்பக்கத்தையும் பார்க்க வேண்டும். ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு தெரிந்தால், கழுத்துக் கட்டி வாயிலிருந்து வந்திருக்கக்கூடும். வாய்ப் புற்றுநோய் கழுத்து நெறிக்குப் பரவுவதும் நோகாமல்தான் நடக்கும்.

படி 3: காத்திருக்கலாமா?

தெரிந்த காரணம் இருந்து, நெறி சிறுத்துக்கொண்டு வந்தால் காத்திருக்கலாம். காரணம் தெரியவில்லை, மூன்று கிழமையாகியும் குறையவில்லை என்றால் காட்டுங்கள். பெருத்துக்கொண்டு போனால் மூன்று கிழமை கூட வேண்டாம். காறை எலும்புக்கு மேலே தட்டுப்படுகிற கட்டி எவ்வளவு சிறிதாக இருந்தாலும் காட்ட வேண்டும், நெஞ்சுக்குள்ளோ வயிற்றுக்குள்ளோ உள்ள நோய் அங்கேதான் தலைகாட்டும். கல்லுப்போல இறுகி அசையாத கட்டி, வாயில் ஆறாத புண், மாறாத குரலடைப்பு, மார்பில் கட்டி இவற்றில் ஒன்று சேர்ந்திருந்தாலும் உடனே போங்கள். மூச்சு விடவோ எச்சில் விழுங்கவோ கஷ்டம் என்றால் அன்றைக்கே, இரவானாலும், போக வேண்டும்.

இரவு வியர்வையைப் பற்றி டொக்டர் கேட்பார். எங்கட வெக்கையில் எல்லாருக்கும் வியர்க்கும்தானே. அவர் கேட்பது அதை அல்ல. பக்கத்தில் படுத்தவர் சாதாரணமாக இருக்க, உங்களுக்கு மட்டும் உடுப்பு மாற்ற வேண்டிய அளவுக்கு நனைகிறதா என்பதுதான். அதோடு, விட்டுவிட்டு வருகிற காய்ச்சல், காரணமில்லாமல் உடம்பு மெலிதல் இருந்தாலும் சொல்லுங்கள். காசநோயிலும் நிணநீர்ப் புற்றுநோயிலும் இவை மூன்றும் வரலாம்.

படி 4: செய்யக் கூடாதவை

கட்டியைக் கீறவோ, சுடவோ, பத்துப் போட்டு உடைக்கவோ வேண்டாம். காசநோய் நெறியைக் கீறினால் அந்த வாய் மூடாமல் மாதக்கணக்கில் நீர் வடியும். பாமசியில் அன்ரிபயோட்டிக்கை மாற்றி மாற்றி வாங்கிக் குடிப்பதால் நாள்தான் போகும். அதைவிடக் கெடுதல் பிரெட்னிசொலோன் போன்ற ஸ்டீரொயிட் குளிசை. நிணநீர்ப் புற்றுநோய் என்றால் அது கட்டியைக் கொஞ்ச நாள் சுருக்கும். நோய் மாறிவிட்டது என்று நீங்களும் நினைப்பீர்கள், பரிசோதனையிலும் சரியாகப் பிடிபடாமல் போகலாம். என்ன குடித்தீர்கள் என்று டொக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், வெறும் மட்டையைக் கொண்டுபோனாலும் நல்லது.

படி 5: ஆஸ்பத்திரியில் என்ன நடக்கும்

ஒட்டுசுட்டானில் இருபத்தைந்து வயதுப் பெண் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். வலது காதுக்குக் கீழே இரண்டு நெறி, ஒன்றோடொன்று ஒட்டினாற்போல. ஐந்து கிழமையாக இருக்கிறது, நோவில்லை. பல், தொண்டை எல்லாம் சுகம். அன்ரிபயோட்டிக் குடித்தும் குறையவில்லை. இருமல் இல்லை, கொஞ்சம் மெலிந்திருக்கிறார்.

அவர் முல்லைத்தீவு மாவட்ட வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்குப் போகலாம். அங்கே ரத்தப் பரிசோதனையும் நெஞ்சு எக்ஸ்ரேயும் எடுப்பார்கள், தேவையென்றால் கழுத்து ஸ்கானும். பிறகு மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் விட்டுக் கொஞ்சம் கலங்களை எடுப்பார்கள். ரத்தம் எடுக்கிற ஊசியளவு நோவுதான். “ஊசி குத்தினால் நோய் பரவும்” என்ற பயத்தில் சிலர் மறுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். அந்தப் பயம் தேவையில்லை, ஊசி போடாவிட்டால்தான் நோய் தெரியாமல் வளரும்.

ஊசிப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்து, கட்டி அப்படியே இருந்தால் விடயம் முடியவில்லை. சில நோய்களுக்கு, முக்கியமாக நிணநீர்ப் புற்றுநோய்க்கு, ஒரு நெறியை முழுதாக எடுத்துப் பார்த்தால்தான் சரியாகத் தெரியும். அதைக் கேட்டுத் திரும்பிப் போங்கள்.

இந்தப் பெண்ணுக்குக் காசநோய் என்று வருகிறது. மாவட்ட மார்பு நோய் சிகிச்சை நிலையத்தில் மருந்து இலவசம். வழக்கமாக ஆறு மாதம்: முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அடுத்த நான்கு மாதம் இரண்டு. நெறியில் மட்டும் உள்ள காசநோய் மற்றவருக்குத் தொற்றாது, தட்டைப் பிரித்து வைக்கத் தேவையில்லை. ஆனால் நெஞ்சிலும் இருக்கிறதா என்று பார்த்துத்தான் அதைச் சொல்ல முடியும். வீட்டில் கூட இருப்பவர்களையும் பரிசோதிக்கக் கூப்பிடுவார்கள், போக வேண்டும்.

மருந்து தொடங்கியதும் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். அது மருந்தின் நிறம், பயமில்லை. கண் மஞ்சளானாலோ தொடர்ந்து சத்தி வந்தாலோ மருந்தை நிறுத்திவிட்டு அன்றைக்கே கிளினிக்குக் காட்டுங்கள். இன்னொன்று: மருந்து எடுத்துக்கொண்டிருக்கும்போதே சிலருக்கு நெறி முன்பைவிடப் பெருக்கும், புதிதாகக் கூட ஒன்று வரும். மருந்து பிடிக்கவில்லை என்று பலர் விட்டுவிடுவது இந்த இடத்தில்தான். செத்த கிருமிகளோடு உடம்பு போராடுவதாலும் அப்படி வரும். குளிசையை விடாமல், கிளினிக்குக்குப் போய்க் காட்டுங்கள். ஆறு மாதம் முடிந்த பிறகும் சின்னக் கட்டி தங்கலாம். அது அதே அளவில் இருந்தால் சரி. திரும்பப் பெருக்கத் தொடங்கினால் கிளினிக் கொப்பியோடு அதே இடத்துக்குப் போங்கள்.