கோணிப்போன கிரீஸை நேராக்கிய விதம்

கொழிஞ்சாம்பாறை பக்கம் எங்கள் கிரிக்கெட் மைதானத்தில் நோ பால் தகராறு ஓயவே இல்லை. டேப் பிடித்துப் பார்த்தேன். பந்து வீசுபவரின் முன்கால் முழுதாகத் தாண்டக் கூடாத பாப்பிங் கிரீஸ், ஸ்டம்புகள் நிற்கும் பவுலிங் கிரீஸிலிருந்து கோட்டின் ஒரு முனையில் 4 அடி, மறுமுனையில் 3 அடி 9 அங்குலம். பழைய கோட்டின் மேலேயே சுண்ணாம்பு போட்டுப் போட்டு வந்த கோணல் இது.

எல்லாவற்றையும் அழித்துவிட்டு, முதலில் ஸ்டம்புக்கு ஸ்டம்பு 66 அடி வைத்து நடுக்கயிறு கட்டினேன். நைலான் கயிறு நீளும் என்பதால் அளவுக்கு இரும்பு டேப்தான். நடு ஸ்டம்பிலிருந்து பவுலிங் கிரீஸ் வழியே பக்கவாட்டில் 3 அடி, நடுக்கயிற்றோடு முன்னால் 4 அடி. இரண்டு முளைகளுக்கும் இடையே சரியாக 5 அடி வந்தால் மூலை மட்டம். அந்த 4 அடி முளைதான் பாப்பிங் கிரீஸின் இடம். அங்கிருந்து பவுலிங் கிரீஸுக்கு இணையாக இருபுறமும் 6 அடிக்குக் குறையாமல் கோடு போட வேண்டும்.

அப்புறம் கோட்டின் தடிமன். ஸ்டம்ப் பக்கம் இருக்கும் விளிம்புதான் கிரீஸ். அதனால் கயிற்றுக்கு முன்புறம் மட்டுமே சுண்ணாம்பு தூவினேன். பலரும் நடுவில் தூவுகிறார்கள், அதிலேயே ஓர் அங்குலம் போய்விடும்.

பக்கவாட்டு எல்லைக் கோடான ரிட்டர்ன் கிரீஸுக்கு நடு ஸ்டம்பிலிருந்து இருபுறமும் 4 அடி 4 அங்குலம், உள்விளிம்பு வரை. பவுண்டரிக் கயிற்றை பிட்சின் நடுவிலிருந்து அளந்தோம்.