செயினை அழித்த பிறகும் கழுத்தில் மிச்சம் இருப்பது

போன மாதம் ஒரு பெண் காலமான தன் அப்பாவின் படத்தைக் கொண்டுவந்தார். பெரிதாக்கி பிரேம் போட வேண்டும். முகம் தெளிவாக இருந்த ஒரே படம் ஒரு கல்யாணத்தில் எடுத்தது. வெள்ளைச் சட்டை, மேல் பொத்தான் போடாத காலர், நடுவில் கனமான செயின், டாலர். "அது அப்பாவோடது இல்லைங்கண்ணா, அன்னைக்கு யாரோ போட்டுவிட்டது. எடுத்திடுங்க" என்றார்.

கடையில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஐந்தே நிமிடத்தில் முடித்துவிட்டான். போட்டோஷாப்பில் ஹீலிங் பிரஷ்ஷை எடுத்து செயின் மேலேயே இழுத்திருக்கிறான். செயின் போய்விட்டது. ஆனால் கழுத்தைச் சுற்றி மங்கலாக ஒரு கோடு, காலர் ஓரத்தில் பால் சிந்தினாற்போல வெள்ளைத் திட்டு. எல்லோரும் இடறும் இடங்கள் இவைதான்.

அந்த மங்கல் கோடு செயினின் நிழல். வெளிச்சம் எந்தப் பக்கம் இருந்து வந்ததோ அதற்கு எதிர்ப்பக்கத்தில் செயினை ஒட்டியே அது ஓடும். டாலர் தோலை விட்டுச் சற்றுத் தூக்கி நிற்பதால் அதன் நிழல் இன்னும் அகலம், ஓரமும் மழுங்கியிருக்கும். செயினை மட்டும் எடுத்தால் நிழல் ஏதோ தழும்பு போலத் தெரியும். போதாததற்கு தங்கத்தின் மஞ்சள் பளபளப்பும் பக்கத்துத் தோலில் படிந்திருக்கும். ஆகவே அழிக்க வேண்டிய இடத்தை நிழல் முடியும் வரை அகலமாக எடுங்கள்.

இதில் ஒரு எச்சரிக்கை. காலருக்கும் கழுத்தில் விழும் நிழல் உண்டு. செயின் நிழலோடு சேர்த்து அதையும் துடைத்துவிட்டால், சட்டை கழுத்தின் மேல் வெட்டி ஒட்டினது போல ஆகிவிடும். செயின் இல்லாத இடத்தில் காலரின் நிழல் எவ்வளவு அகலம், எவ்வளவு கருமை என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். மற்ற இடத்திலும் அதே அளவு மிஞ்ச வேண்டும்.

அடுத்து அந்த வெள்ளைத் திட்டு. ஹீலிங் பிரஷ் நாம் காட்டிய இடத்தின் தோல் நயத்தை எடுத்து, தடவும் இடத்தைச் சுற்றியுள்ள நிறத்தோடு கலக்கிறது. பக்கத்தில் வெள்ளைக் காலர் இருந்தால் அந்த வெள்ளையும் தோலுக்குள் வந்துவிடும். அதனால் நான் முதலில் காலரைத்தான் சரிசெய்வேன். `Ctrl+Shift+N` அழுத்திப் புது லேயர் ஒன்று போட்டு, குளோன் ஸ்டாம்ப், ஹீலிங் பிரஷ் இரண்டுக்கும் மேலே `Sample` என்ற இடத்தில் `Current & Below` வைப்பேன். பென் டூலால் காலர் ஓரத்தை வரைந்து செலக்ஷன் ஆக்கி, துணிப் பக்கத்தை குளோன் ஸ்டாம்பால் நிரப்புவேன். தையல் கோடு தொடர வேண்டும் என்பதால், அந்தக் கோட்டின் மேலேயே `Alt` அழுத்தி மாதிரி எடுத்து அதே கோட்டின் நீளத்தில் கொண்டுபோக வேண்டும். எதிர்ப்பக்கக் காலரைத் திருப்பி ஒட்டுவது சுலபம்தான். ஆனால் பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த படத்தில் துணியின் நிழல் தலைகீழாகிவிடும்.

பிறகு செலக்ஷனைப் புரட்டித் தோல் பக்கம். ஓரத்தை ஒட்டிய சிறு பட்டையை குளோன் ஸ்டாம்பால் முடித்துவிட்டு, உள்ளே தள்ளியிருக்கும் இடத்துக்குத்தான் ஹீலிங் பிரஷ்.

மாதிரியை எங்கே எடுக்கிறோம் என்பதிலும் தவறு நடக்கும். தம்பி கன்னத்தில் இருந்து எடுத்திருந்தான். கன்னத்தின் துளைகளும் சவரம் செய்த புள்ளிகளும் கழுத்தில் வந்து உட்கார்ந்தன. கழுத்துக்குக் கழுத்துத் தோல், டாலர் இருந்த இடத்துக்கு அதன் கீழே உள்ள நெஞ்சுத் தோல். வயதானவர் கழுத்தில் குறுக்கே மடிப்புக்கோடுகள் இருக்கும். செயின் மறைத்த இடத்தில் அவை அறுந்துபோகக் கூடாது. இரண்டு பக்கமும் தெரியும் முனைகளைச் சேர்த்து வரைந்துவிடுங்கள். மிஞ்சும் மஞ்சளுக்கு, `Color` முறையில் ஒரு லேயர் போட்டு, பக்கத்துத் தோல் நிறத்தை எடுத்து 15% அளவில் லேசாகத் தடவினால் போதும்.

மூக்குத்திக்கு வேலை சின்னது, ஆனால் வேறு மாதிரி. மூக்கு மடலின் உருண்டையைக் காட்டுவது அதன் மேல் ஓடும் ஒளிக்கோடும் ஓரத்து மடிப்பும்தான். ஸ்பாட் ஹீலிங் அந்த மடிப்பின் கருமையை இழுத்து வந்து மடலைத் தட்டையாக்கிவிடும். கல்லைவிடச் சற்றே பெரிய பிரஷ்ஷில், அதே மடலில் அதே வெளிச்சம் விழும் இடத்திலிருந்து குளோன் செய்யுங்கள். துளையை விடவா மூடவா என்று வீட்டாரைக் கேட்டுக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டுக்கான படம் என்றால் இந்த வேலையே கூடாது.

பெரிதாக்கியே பார்த்துக்கொண்டிருந்தால் திட்டுகள் கண்ணில் படாது. 100% அளவுக்கு வந்து, மேலே ஒரு `Curves` லேயர் போட்டு கான்ட்ராஸ்ட்டை வேண்டுமென்றே தூக்கிப் பாருங்கள். ஒளிந்திருந்த பட்டை அப்படியே எழுந்து வரும். அந்த அப்பா படத்தில் இடது காலருக்குக் கீழே ஒரு விரல் நீளத்துக்கு நிழல் மிச்சம் இருந்தது இப்படித்தான் தெரிந்தது. அதைச் சரிசெய்து, `Curves` லேயரை அழித்துவிட்டு, பிரிண்டுக்கு அனுப்பினோம்.