கேஷ் அவுட் தொகையை எதோடு ஒப்பிடுவது? வழக்கமாக நடக்கும் தவறுகள்

விளையாட்டுப் பந்தயத்தில், முடிவு வருமுன்பே சீட்டை நிறுவனத்திடமே திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்கும் வசதிதான் கேஷ் அவுட். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது அதன் பொத்தானில் ஒரு தொகை மின்னுகிறது. பெரும்பாலோர் அதைத் தாங்கள் கட்டிய பணத்தோடு ஒப்பிடுகிறார்கள். கட்டியது 100, தருவது 188, ஆகவே 88 லாபம். கூட்டல் கழித்தல் சரிதான். ஆனால் ஏற்பதா விடுவதா என்று முடிவுசெய்ய இந்தக் கணக்கு எந்த உதவியும் செய்யாது. கட்டிய 100 பந்தயம் போட்ட அந்த நொடியிலேயே கையைவிட்டுப் போய்விட்டது. இப்போது கையில் இருப்பது ஒரு சீட்டு. அதன் இந்த நிமிட மதிப்பு என்ன, அதில் எவ்வளவைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தருகிறார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு கால்பந்து ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். நீல அணி வெல்லும் என்று ஆட்டத்துக்கு முன் 2.50 ஆட்ஸில் 100 கட்டியாயிற்று. வென்றால் மொத்தம் 250 வரும். 70-வது நிமிடத்தில் நீலம் 1–0 என முன்னிலையில் இருக்கிறது. இப்போதைய லைவ் ஆட்ஸ்: நீலம் 1.20, டிரா 6.00, சிவப்பு அணி 26.00. கேஷ் அவுட் 188.

சீட்டின் மதிப்பை அறிய மூன்று ஆட்ஸையும் வாய்ப்பு விகிதமாக மாற்ற வேண்டும். 1-ஐ ஒவ்வொரு ஆட்ஸாலும் வகுத்தால் நீலத்துக்கு 83.3%, டிராவுக்கு 16.7%, சிவப்புக்கு 3.8% வரும். கூட்டிப் பார்த்தால் 103.8%. நூறுக்கு மேலே துருத்திக்கொண்டிருக்கும் அந்த 3.8 புக்மேக்கரின் மார்ஜின், அதாவது பந்தய நிறுவனம் தனக்கென்று ஆட்ஸில் சேர்த்துவைக்கும் லாபம். அதை நீக்க 83.3-ஐ 103.8-ஆல் வகுத்தால் நீலத்தின் உண்மையான வாய்ப்பு சுமார் 80.2%. வரவேண்டிய 250-ல் 80.2% என்றால் 200.5. சீட்டின் நியாயமான மதிப்பு இதுதான். தருவதோ 188. இடையில் காணாமல் போன 12.5, அதாவது ஏறக்குறைய 6%, கேஷ் அவுட்டுக்கான கட்டணம். எந்தத் திரையிலும் அதைக் கட்டணம் என்று காட்டமாட்டார்கள்.

நிறுவனத்தின் கணினி செய்வதும் ஏறத்தாழ இதே கணக்குதான்: முழு வரவு, பெருக்கல் தற்போதைய வாய்ப்பு, கழித்தல் ஒரு சதவீதம். அந்தச் சதவீதம் நிறுவனத்துக்கு நிறுவனம், விளையாட்டுக்கு விளையாட்டு மாறும்.

மறுப்பதும் ஒரு பந்தயம்தான்

எல்லா ஆட்ஸையும் வகுத்துக்கொண்டிருக்க நேரமில்லாதவர்களுக்கு ஒரே ஒரு வகுத்தல் போதும். தருவதாகச் சொல்லும் தொகையை முழு வரவால் வகுக்க வேண்டும். 188 ÷ 250 = 75.2%. நீலம் வெல்லும் வாய்ப்பு 75.2 விழுக்காட்டுக்கும் கீழே என்று உங்களுக்குத் தோன்றினால் ஏற்பது சரி. அதற்கு மேல் என்றால் விடுவது சரி.

இதைத் திருப்பிப் போட்டால் விஷயம் இன்னும் துலங்கும். 188-ஐ வாங்க மறுப்பவர், அந்த 188-ஐ எடுத்து நீலத்தின் மேல் புதிதாகக் கட்டுகிறார் என்று பொருள். வென்றால் 250 கிடைக்கும். ஆக அவருக்குக் கிடைக்கும் ஆட்ஸ் 1.33. அதே நிமிடத்தில் அதே நிறுவனம் வெளியே நீலத்துக்கு 1.20 மட்டுமே தருகிறது. மார்ஜின் இல்லாத ஆட்ஸே 1.25 தான். கேஷ் அவுட்டில் வெட்டு எவ்வளவு பெரிதோ, மறுப்பவருக்கு அவ்வளவு நல்ல விலை. “இப்போது புதிதாக வந்திருந்தால் இந்த ஆட்ஸில் கட்டியிருப்பேனா?” என்று கேட்டுக்கொள்ளச் சொல்லும் அறிவுரை பரவலாக உண்டு. அதிலும் ஒரு சறுக்கல் இருக்கிறது. திரையில் தெரியும் 1.20-ஐ வைத்துக் கேட்டால் பதில் தப்பாக வரும், 1.33-ஐ வைத்துக் கேட்க வேண்டும்.

தொகை ஏறினாலும் இறங்கினாலும் அதில் சேதி இல்லை

“கூடுதலாகத் தருகிறார்கள், அப்படியானால் சீட்டு வெல்லப்போவது அவர்களுக்குத் தெரிந்துவிட்டது” என்பது அடிக்கடி கேட்கும் வாதம். திடீரெனக் குறைத்தால் “ஏமாற்றப் பார்க்கிறார்கள்” என்பது அதன் மறுபக்கம். இரண்டும் வீண். உங்கள் சீட்டை யாரும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கவில்லை. லைவ் ஆட்ஸ் நகர்ந்தால் தொகையும் தானாக நகரும். நீலம் முன்னிலையில் இருக்கக் கோல் விழாமலே நேரம் கடந்தால், ஒவ்வொரு நிமிடமும் தொகை கொஞ்சம் ஏறும். சிவப்புக்கு ஒரு பெனால்ட்டி கிடைத்தால் பொத்தானே மங்கிப்போகும்.

இந்த மங்கல்தான் பலரைத் தடுமாற வைக்கிறது. கோல், சிவப்பு அட்டை, வீடியோ பரிசீலனை போன்ற நேரங்களில் சந்தை நிறுத்தி வைக்கப்படும். கேஷ் அவுட்டும் கூடவே நிற்கும். பொத்தானை அழுத்தியதும் பணம் உறுதி என்றும் எண்ணக் கூடாது. கோரிக்கை சில நொடிகள் காத்திருக்கும். அதற்குள் ஆட்ஸ் மாறினால் நிராகரிக்கப்படும் அல்லது புதிய தொகையோடு திரும்பி வரும். போதாததற்கு, வீட்டில் பார்க்கும் ஒளிபரப்பு மைதானத்தைவிடப் பல நொடிகள் பின்தங்கி ஓடுகிறது. ஆபத்து உங்கள் கண்ணில் படும்போது விலையில் அது ஏற்கெனவே ஏறியிருக்கும். “தேவைப்பட்டால் கடைசி நேரத்தில் எடுத்துக்கொள்ளலாம்” என்ற நம்பிக்கையில் வழக்கத்தைவிடப் பெரிதாகக் கட்டுபவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். கேஷ் அவுட்டை எப்போது வேண்டுமானாலும் நிறுத்த உரிமை உண்டு என்று விதிமுறைகளில் எழுதி வைத்திருப்பார்கள். குறிப்பிட்ட தொகையைத் தொட்டதும் தானாக எடுக்கும் வசதியும் முழு அரண் ஆகாது. கோல் விழுந்ததும் விலை படிப்படியாக இறங்காது, நீங்கள் குறித்த தொகையைத் தாண்டி ஒரே தாவாகக் கீழே விழும்.

எதிர்ப்பக்கம் கட்டிப் பார்க்காமலே ஏற்பது

வெளியேற வேண்டும் என்று முடிவு செய்துவிட்டாலும், பொத்தான் ஒன்றே வழி அல்ல. நம் எடுத்துக்காட்டில் டிராவின் மேல் 41.67-ம் சிவப்பின் மேல் 9.62-ம் கட்டினால், எந்த முடிவு வந்தாலும் 250 வரும். கூடுதலாகப் போட்டது 51.29. கழித்தால் உறுதியாகக் கையில் நிற்பது 198.71. பொத்தான் தருவது 188. வித்தியாசம் 10-க்கும் மேல்.

இவ்வளவு வித்தியாசம் எப்படி வருகிறது? எதிர்ப்பக்கம் கட்டும்போது நீங்கள் மார்ஜின் கொடுப்பது 51.29 என்ற சிறு தொகைக்கு மட்டும். கேஷ் அவுட்டிலோ 200.5 என்ற முழு மதிப்பிலும் வெட்டு விழுகிறது. அதனால் உங்கள் அணி எவ்வளவு உறுதியான நிலையில் இருக்கிறதோ, அந்த அளவுக்குப் பொத்தான் செலவு கூடிய வழியாகிறது. மக்கள் அதிகம் அழுத்த ஆசைப்படுவதும் அதே நிலையில்தான்.

எதிர்ப்பக்கம் கட்டுவதற்கும் இடர்கள் உண்டு. கையில் கூடுதல் பணம் இருக்க வேண்டும். இரண்டு பந்தயங்களுக்கு நடுவே கோல் விழலாம். ஆகவே பெரிய ஆபத்தான டிராவை முதலில் மூட வேண்டும். சிவப்புக்கான 9.62 அமையாமல் போனாலும் பெரும்பகுதி மூடியிருக்கும். ‘டிரா அல்லது சிவப்பு’ என்று ஒரே பந்தயமாகக் கிடைத்தால் வேலை எளிது, ஆனால் அதன் ஆட்ஸை ஒருமுறை சரிபார்க்க வேண்டும். பந்தயம் கட்டுபவர்கள் தங்களுக்குள்ளேயே கட்டிக்கொள்ளும் எக்ஸ்சேஞ்சில் நீலத்தை லே செய்வது, அதாவது நீலம் வெல்லாது என்று கட்டுவது, இன்னொரு வழி. அங்கே கமிஷனையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அக்குமுலேட்டரில் வெட்டு பெருகும்

பல ஆட்டங்களைக் கோத்த அக்குமுலேட்டரில் மூன்று ஆட்டங்கள் பாக்கி என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் 5% வெட்டு வைத்துக் கணக்கிடும் நிறுவனத்தில் 0.95 × 0.95 × 0.95 = 0.857. நியாயமான மதிப்பில் 14% போய்விடும். ஒரே ஆட்டம் பாக்கி இருக்கும்போது அது 5% தான். பாதி வழியில் பதறி எடுப்பது இதனால்தான் வலிக்கும். கடைசி ஆட்டம் வரை வந்துவிட்டால் மேலே சொன்ன எதிர்ப்பக்கக் கணக்கு அப்படியே பொருந்தும். கடைசி ஆட்டம் தொடங்கும் முன்பே, சந்தை அமைதியாக இருக்கும்போதே அதைச் செய்துவிடலாம்.

ஒரு நிறுவனம் எவ்வளவு வெட்டுகிறது என்று தோராயமாக அறிய, பந்தயம் போட்ட உடனே, ஆட்ஸ் மாறுவதற்குள், பொத்தானில் என்ன தொகை இருக்கிறது என்று பாருங்கள். 100 கட்டியதும் 91 என்று காட்டினால், உள்ளே வர ஒன்றும் வெளியே போக ஒன்றுமாக இரண்டு கட்டணமும் சேர்ந்த விலை அந்த 9.

எப்போது ஏற்கலாம்

முதலாவது, வகுத்துக் கிடைத்த சதவீதத்தைவிட உண்மை வாய்ப்பு குறைவு என்று நம்பக் காரணம் இருக்கும்போது. வெறும் படபடப்பு காரணம் ஆகாது. நீலத்தின் முக்கியத் தடுப்பாட்டக்காரர் நொண்டிக்கொண்டு விளையாடுகிறார், மாற்று வீரர்களோ தீர்ந்துவிட்டார்கள் என்பது காரணம். அதையும் சந்தை ஏற்கெனவே விலையில் சேர்த்திருக்கலாம் என்பதை மறக்கக் கூடாது. 80.2-ஐ 75.2-க்குக் கீழே இறக்கும் அளவுக்கு அது பெரிதா என்பதே கேள்வி.

இரண்டாவது, பந்தயமே தவறாக விழுந்திருந்தால். அணி மாறிப்போச்சு, தொகையில் ஒரு சுழி கூடிப்போச்சு என்றால், விலை நகருமுன் சிறு வெட்டோடு வெளியேறுவது மலிவான வழி.

மூன்றாவதுதான் வலுவான காரணம்: சீட்டு உங்கள் கையிருப்போடு ஒப்பிட மிகப் பெரிதாகிவிட்டது. பந்தயத்துக்கென்று ஒதுக்கியதில் இன்னும் 1000 மிச்சம் இருப்பவர் 12.5 கொடுத்து இந்தச் சீட்டை விற்கத் தேவையில்லை. தோற்றாலும் அடுத்த பந்தயத்தின் அளவு பெரிதாக மாறாது. மிச்சம் 50 மட்டுமே இருப்பவருக்கு, ஐந்தில் ஒரு வாய்ப்பில் 188 காணாமல் போவது வேறு கதை. அவருக்கு அந்த 12.5 காப்பீட்டுப் பிரீமியம். ஆனால் எடுத்த 188-ஐ அதே மாலையில் இன்னொரு ஆட்டத்தில் போட்டால் பிரீமியமும் போகும், காப்பும் போகும். பொத்தானை நிறுவனங்கள் இவ்வளவு பளிச்சென்று வைப்பதற்கு இந்தச் சுழற்சியும் ஒரு காரணம்.

இந்த மூன்றாவது நிலையில் இருப்பவர் முழுதாக எடுக்க வேண்டியதில்லை. பாதி எடுத்தால் 94 கையில் வரும், மீதிச் சீட்டு 125-க்கு ஓடும். வெட்டுச் சதவீதம் மாறாது, ஆனால் பாதித் தொகைக்கு மட்டும் கொடுத்தால் போதும். இலவசப் பந்தயமாகக் கிடைத்த சீட்டு என்றால், அதற்குக் கேஷ் அவுட் உண்டா, போனஸ் நிபந்தனையில் அது கணக்கில் சேருமா என்று அழுத்துவதற்கு முன் விதிமுறையில் பார்த்துவிட வேண்டும். பல இடங்களில் சேராது.