பிக்சிலேஷன்: கதிரையில் இருந்தபடியே விறாந்தையைக் கடப்பது எப்படி

பிக்சிலேஷனில் ஆளே பொம்மை. கொஞ்சம் நகர்த்தி ஒரு படம், இன்னும் கொஞ்சம் நகர்த்தி இன்னொரு படம் என்று எடுத்து வரிசையாக ஓடவிட்டால், கதிரையில் இருக்கிற பிள்ளை தானாக வழுக்கிக்கொண்டு போவதுபோலத் தெரியும். பள்ளிக்கூட செயற்றிட்டத்துக்கு இந்த ஒரு காட்சியே காணும்.

முதலில் இடம். மைதானத்தில் எடுக்க ஆசை வரும், ஆனால் வன்னியின் செம்மண்ணில் கதிரைக் கால் இழுத்த கோடும் உதவிக்கு வந்தவர்களின் காலடியும் விழுந்து, படத்தில் யாருமே இல்லாமல் தடங்கள் மட்டும் முளைத்துக்கொண்டிருக்கும். வெயிலில் நிழலும் நகரும். அதனால் அரைச்சுவர் இல்லாத, வெயில் விழாத சீமெந்து விறாந்தைதான் நல்லது.

போனை நாலைந்து மீற்றர் தள்ளி முற்றத்தில் ஒரு மேசையில் வைத்து, இரண்டு பக்கமும் செங்கல் கொடுத்து அசையாமல் இறுக்குங்கள். மேலே ஒரு குடை பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் போன் சூடேறி நின்றுவிடும். Stop Motion Studio செயலியில் வேகத்தை நொடிக்கு 12 படம் என்று வைத்து, போகஸையும் வெளிச்சத்தையும் பூட்டிவிடுங்கள்.

இப்போது கணக்கு. கதிரை 4 மீற்றர் போகவேண்டும். எடுத்த எடுப்பில் முழு வேகத்தில் போனால் யாரோ தள்ளிவிட்டதுபோல இருக்கும், ஆகவே முதல் நாலு நகர்வும் 2, 4, 6, 8 சென்ரிமீற்றர், பிறகு 10 சென்ரிமீற்றராக 36 தடவை, கடைசியில் 8, 6, 4, 2. மொத்தம் 44 நகர்வு, 45 படம், ஓடுவது நாலு செக்கனுக்கும் குறைவு! இந்த அளவுகளில் முடிச்சுப் போட்ட கயிறு ஒன்றைப் படத்தில் விழாத இடத்தில், கதிரை போகும் பாதைக்கு நேராக நீட்டிவைத்தால் தரையில் சோக்கால் கீறத் தேவையில்லை.

பிள்ளை பிளாஸ்டிக் கதிரையில் சப்பாணி கட்டி, எதிரே தூணில் ஒரு புள்ளியைப் பார்த்தபடி இருக்கட்டும். இரண்டு பேர் மெதுவாகத் தள்ளிவிட்டு விலகியதும் படம். உடுப்பு கொஞ்சம் துடிக்கும்தான், அதுதான் இதன் அழகு, ஆனால் தலை அங்குமிங்கும் திரும்பினால் காட்சி கெட்டுவிடும்.

சரி, கதிரை முழு வேகம் எடுத்ததும் அதற்கு முன்னால் ஒரு சோடி செருப்பையும் நடக்கவிடலாம். ஒரு படத்தில் இடது செருப்பு 20 சென்ரிமீற்றர் முன்னே, அடுத்த படத்தில் வலது 20. ஒவ்வொன்றும் ஒரு படம் விட்டு ஒரு படம்தான் நகர்வதால் செருப்பும் கதிரையும் ஒரே வேகத்தில் போகும்.

பத்துப் படத்துக்கு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். சுவர் மினுங்கினால் வெளிச்சப் பூட்டு விட்டுப்போயிருக்கும் அல்லது முகில் மறைத்திருக்கும், கட்டடமே துள்ளினால் போன் அசைந்திருக்கும். தள்ளியவரின் கை விழுந்த படத்தைத் தயங்காமல் அழியுங்கள். ஒரு படம் குறைந்தால் சின்னத் துள்ளல் மட்டுந்தான், கையோ எல்லாருடைய கண்ணிலும் படும்.