பத்தாவது ஆள் வந்த பிறகு சம்பளக் கணக்கில் நடக்கும் தவறுகள்

பேரணாம்பட்டில் ஷூவுக்கு மேல்பாகம் தைத்துக் கொடுக்கும் சின்ன யூனிட் ஒன்று. போன வருஷம் மார்ச் மாதத்தில் அதன் ஓனர் காட்பாடியில் இருக்கும் எங்கள் கணக்கு ஆபீசுக்கு வந்தார். கையில் ஒரு நீள நோட்டு. அதில் ஒன்பது பெயருக்கு நேராகச் சம்பளம் எழுதியிருந்தது.

"ஒன்பது பேர்தாம்மா. இ.எஸ்.ஐ. நமக்கு வராது, இல்ல?"

"கூட்டிப் பெருக்க யாரும் வர்றதில்லையா பாய்?"

"அந்தம்மா அரை நாள்தான் வருது. அதையெல்லாமா கணக்குல சேக்கறது?"

சேர்க்க வேண்டும். பத்துப் பேர் வேலை செய்தாலே அந்த இடம் தொழிலாளர் காப்பீட்டுத் திட்டமான இ.எஸ்.ஐ.க்குள் வந்துவிடும். இதில் நடக்கும் முதல் தவறே ஆளை எண்ணுவதில்தான். நிரந்தரமா, தற்காலிகமா, அரை நாளா, கான்ட்ராக்டர் அனுப்பியவரா என்ற பேதம் இதில் கிடையாது. மாதம் 21,000 ரூபாய்க்கு மேல் வாங்குகிறவருக்கு இ.எஸ்.ஐ. பிடிக்க வேண்டியதில்லை, ஆனாலும் பத்துப் பேர் இருக்கிறார்களா என்று பார்க்கும்போது அவரும் ஒரு தலைதான். பாயிடம் சூப்பர்வைசர் ஒருவர் 24,000 வாங்கிக்கொண்டிருந்தார். நோட்டில் இருந்த ஒன்பது பேரில் அவரும் ஒருவர். பெருக்கும் அம்மாவையும் சேர்த்தால் சரியாகப் பத்து. அந்த அம்மா வேலைக்கு வந்தது நவம்பர் 1 அன்று. ஆக, அன்றிலிருந்தே யூனிட் இ.எஸ்.ஐ.க்குள் வந்துவிட்டது. ஒருமுறை உள்ளே வந்தபின் ஒருவரை நிறுத்தி ஒன்பதாக்கினாலும் வெளியே வர முடியாது.

அவருக்கு என்ன செலவானது என்பதைப் பார்த்தால் விஷயம் புரியும். சூப்பர்வைசரை விட்டால் மீதி ஒன்பது பேரின் மாதச் சம்பளம் மொத்தம் 1,30,000 ரூபாய். தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், அதாவது 975 ரூபாய். முதலாளி பங்கு 3.25 சதவீதம், அதாவது 4,225 ரூபாய். மாதத்துக்கு 5,200. நவம்பர் முதல் பிப்ரவரி வரை நாலு மாதத்துக்கு 20,800 ரூபாய். போதாக்குறைக்கு வருஷத்துக்கு 12 சதவீத வட்டி. தாமதத்துக்கான அபராதம் தனி.

"சரி, அவங்க பங்கை அடுத்த மாச சம்பளத்துல பிடிச்சுக்கறேன்" என்றார். அங்கேதான் இரண்டாவது தவறு நிற்கிறது. தொழிலாளி பங்கை அந்தந்த மாதச் சம்பளத்தில் மட்டுமே பிடிக்கலாம். நவம்பர் சம்பளத்தை முழுசாகக் கொடுத்துவிட்டு, அதற்கான 0.75 சதவீதத்தை ஏப்ரலில் பிடிக்கச் சட்டத்தில் வழியில்லை. பிடிக்க மறந்தால் அது முதலாளியின் கைக்காசு. நாலு மாதத்துக்கு 3,900 ரூபாய் அவர் தலையில் விழுந்தது இப்படித்தான்.

இதற்கு நேர் எதிரான தவறு இன்னும் மோசமானது. சில இடங்களில் இரண்டு பங்கையும் சேர்த்து நாலு சதவீதமாகத் தொழிலாளியிடமே பிடித்துவிடுகிறார்கள். 16,000 வாங்கும் தையல்காரருக்குப் பிடிக்க வேண்டியது 120 ரூபாய். முதலாளி தன் கையிலிருந்து போட வேண்டியது 520. சம்பளச் சீட்டில் "இ.எஸ்.ஐ. 640" என்று இருந்தால் அங்கே தப்பு நடந்திருக்கிறது என்று பார்த்தவுடன் சொல்லிவிடலாம். வேலைக்குச் சேரும்போதே பேசிக்கொண்டோம், அவரும் ஒத்துக்கொண்டார் என்பதெல்லாம் செல்லாது.

மூன்றாவதில் விவரம் தெரிந்தவர்களும் சறுக்குவார்கள். 20,500 வாங்கிய கட்டிங் மாஸ்டருக்கு ஜூன் மாதத்தில் 22,000 ஆக்குகிறீர்கள். வரம்பு 21,000தானே, தாண்டிவிட்டாரே என்று ஜூனிலேயே நிறுத்திவிடக் கூடாது. இ.எஸ்.ஐ.க்கு வருஷம் இரண்டு பாதி: ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. பாதியின் தொடக்கத்தில் உள்ளே இருந்தவர் அந்தப் பாதி முடியும்வரை உள்ளேதான். அதுவும் 21,000க்கு இல்லை, முழு 22,000க்கும் கட்ட வேண்டும். அவர் பங்கு 165, உங்கள் பங்கு 715, மொத்தம் 880. ஜூனில் நிறுத்தியிருந்தால் செப்டம்பர் வரை நாலு மாதத்துக்கு 3,520 ரூபாய் பாக்கி நிற்கும். அக்டோபரிலிருந்து அவர் பெயரை எடுத்துவிடலாம். சம்பள உயர்வை ஏப்ரலிலோ அக்டோபரிலோ வைத்துக்கொண்டால் இந்தத் தலைவலியே இல்லை என்று நான் எல்லோரிடமும் சொல்வது வழக்கம்.

சம்பளத்தைப் பலவித அலவன்ஸ் படிகளாகப் பிரித்து எழுதி வரம்புக்குள் விளையாடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். 2025 நவம்பர் 21 அன்று அமலுக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பின்படி, சம்பளக் கணக்கில் சேராத படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய பகுதி சம்பளத்திலேயே போய்ச் சேரும்.

புது ஆளைப் பதிவதில் காட்டும் மெத்தனம் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். "மூணு மாசம் பழகட்டும், நின்னா பதியலாம்" என்பது நம் பக்கத்தில் சகஜம். தோல் வெட்டும் பிரஸ்ஸில் ஒரு பையன் விரல் மாட்டிக்கொண்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வேலைக்கு வந்து 40 நாள், இ.எஸ்.ஐ. போர்ட்டலில் பெயர் இல்லை. ஓனர் அன்று மாலையே என்னைக் கூப்பிட்டு, சேர்ந்த தேதியை இன்றைக்குப் போட்டுப் பதியச் சொன்னார். நான் மாட்டேன் என்றேன். வேலையில் ஏற்படும் காயத்துக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே இ.எஸ்.ஐ. உண்டு, இத்தனை நாள் கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. ஆனால் முதலாளி கட்டத் தவறியிருந்தால் கொடுத்த பணத்தை அவரிடமிருந்தே வசூலிக்கும் அதிகாரம் இ.எஸ்.ஐ. கார்ப்பரேஷனுக்கு இருக்கிறது. ஆள் சேர்ந்த அன்றே ஆதார், குடும்ப விவரம், போட்டோ வாங்கிப் பதிந்து, அவருக்கான காப்பீட்டு எண்ணான ஐ.பி. நம்பரைக் கையில் கொடுக்க அரை மணி நேரம் ஆகும், அவ்வளவுதான்.

மாதாமாதம் கட்டுவதற்குக் கடைசி நாள் அடுத்த மாதம் 15. இங்கே குழப்புவது மாதத்தின் பெயர். மே மாதம் செய்த வேலைக்கு ஜூன் 7 அன்று சம்பளம் கொடுத்தால் அது மே கணக்குதான். ஜூன் 15க்குள் கட்ட வேண்டும். கொடுத்த தேதியைப் பார்த்து ஜூன் கணக்கில் எழுதி ஜூலையில் கட்டினால் ஒவ்வொரு மாதமும் 30 நாள் தாமதம் விழும். போர்ட்டலில் சலான் நம்பர் வந்துவிட்டால் கட்டியாகிவிட்டது என்று நினைப்பவர்களும் உண்டு. நம்பர் வருவது பாதி வழி. நெட் பேங்கிங்கில் பணம் போய், கட்டியதற்கான ரசீது இறங்கினால்தான் முடிந்தது. வேலையை விட்டுப் போனவர் பெயரை அப்படியே விட்டுவைக்காமல், சம்பளம் பூஜ்யம் என்று போட்டு, போன காரணத்தையும் கடைசி நாளையும் குறித்துவிட வேண்டும்.

பி.எஃப். பற்றிக் கேட்பார்கள். அது 20 பேருக்கு. பத்துப் பேரில் அது கட்டாயமில்லை, விரும்பினால் முதலாளியும் பெரும்பான்மைத் தொழிலாளர்களும் ஒத்துக்கொண்டு சேரலாம். கோட் நம்பர் வாங்காமல் சீட்டில் மட்டும் "பி.எஃப்." என்று பிடித்து மேஜை டிராயரில் வைப்பது மட்டும் கூடவே கூடாது. தொழில் வரி மாத விஷயமில்லை, ஆறு மாதச் சம்பளத்தைக் கூட்டி மாநகராட்சியிலோ நகராட்சியிலோ கட்டுவது. ஒரு பாதிக்கு அதிகபட்சம் 1,250 ரூபாய். வருமான வரி பிடிக்கிற அளவுக்குச் சம்பளம் வாங்குகிறவர் இந்த மாதிரி யூனிட்டில் அபூர்வம். இருந்தால் பிடித்ததை அடுத்த மாதம் 7க்குள் கட்ட வேண்டும், மார்ச் மாதத்துக்கு மட்டும் ஏப்ரல் 30 வரை நேரம் உண்டு.

பாய் அந்த 20,800ஐயும் வட்டியையும் ஏப்ரலில் கட்டினார். நோட்டில் இப்போது சம்பளத்துக்குப் பக்கத்தில் இரண்டு கட்டம் கூடுதலாகப் போட்டிருக்கிறார். ஒன்று தொழிலாளியிடம் பிடித்தது, இன்னொன்று தான் போட்டது. பெருக்கும் அம்மாவின் பெயர் பத்தாவது வரியில் இருக்கிறது.