'மெஃப்' என்று வாய் தவறினால்: பரிஸுக்குப் புதிதாய் வந்தவர்களுக்கு

வதிவிட அட்டை, ஒஃபி நேர்காணல், மொழி வகுப்பு எல்லாம் லாச்சப்பலில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவர்கள் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்: சொல்லைத் திருப்பிப் போட்டுக் கதைக்கும் பிரெஞ்சுக் கொச்சை. நான் அதில் மாட்டுப்பட்டவன்.

நான் பிரெஞ்சு பழகியது ரெஸ்ரோறண்ட் குசினியில். பக்கத்தில் கோப்பை கழுவின பொடியங்கள் பொம்பிளையை 'மெஃப்' என்பார்கள், நானும் அதுதான் பிரெஞ்சு என்று நினைத்தேன். மகனின் கொலேஜில் பெற்றோர் கூட்டம். கணக்கு எப்படி என்று வகுப்பாசிரியர் கேட்க, "கணக்கு மெஃப் நல்லவ" என்றேன். கணக்கு ரீச்சர் அடுத்த கதிரையில் இருந்தா. "கணக்குப் படிப்பிக்கிற பெட்டை" என்ற மாதிரி அது விழுந்திருக்கு. பாராட்டத்தான் போனேன்! மகன் ரெயினில் வரும்வரை என்னோடு கதைக்கவில்லை.

இதன் பெயர் 'வேர்லான்'. தலைகீழ் என்பதற்கு 'லான்வேர்' என்பார்கள். அசையை மாற்றிப் போட்டால் வேர்லான். பெயரிலேயே விதி இருக்கிறது. பாரம், தொல்லை என்ற பொருளில் வரும் 'லூர்' ஓரசைச் சொல், திருப்ப முடியாது. அதனால் கடைசி 'ர்'ஐ இழுத்து லூ-ரெ ஆக்கித் திருப்பினால் 'ரெலூ'. பெண் என்ற 'ஃபாம்' ஃபா-மெ ஆகி, மெ-ஃபா ஆகி, வால் வெட்டுப்பட்டு 'மெஃப்'. பொலிஸ்காரனைச் சொல்லும் 'ஃபிளிக்'கும் இப்படித்தான் 'கெஃப்' ஆனது.

ஆனால் நீங்களாகத் திருப்பாதீர்கள். நான் மேசையைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தேன், மகன் நிலத்தில் விழுந்து சிரித்தான். எது புழங்குகிறதோ அதுதான் சொல்.

பிள்ளைகள் ஏன் இப்படிக் கதைக்கிறார்கள்? ஊரில் பெரியாக்களுக்கு விளங்கக்கூடாதென்று நாங்கள் 'க' போட்டுக் கதைத்த அதே காரணம் பாதி. மற்றப் பாதி, நான் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன் என்று காட்டுவது. பரிஸின் புறநகர் அடுக்குமாடிகளில் வளர்ந்த வந்தேறிகளின் பிள்ளைகள் இதைத் தங்கட பாஷையாக்கினார்கள். 1977இல் வந்த பாடகர் றெனோவின் 'லெஸ் பெத்தோன்' பாட்டு நாடு முழுக்கக் கேட்டது. 'விடு' என்பதற்கான 'லெஸ் தோம்பே'யின் திருப்பல்தான் அது. எல்லாருக்கும் விளங்கினால் ருசி போய்விடும். அரபுக்காரரைச் சொல்லும் 'அறாப்' திரும்பி 'பேர்' ஆனது. பெரியாக்களும் பத்திரிகைகளும் 'பேர்' என்று எழுதத் தொடங்க, பொடியங்கள் அதையும் திருப்பி 'றெபெ' ஆக்கினார்கள்.

'மெஃப்' இப்போது அகராதியிலும் இருக்கிறது, நாற்பது வயதுக்காரரும் கூட்டாளிகளோடு சொல்வார்கள். அதை நம்பி பிறிபெக்சர் யன்னலிலோ, ரீச்சரிடமோ, முதலாளியின் மனைவியைப் பற்றியோ சொல்லாதீர்கள். அங்கே 'மதாம்' போதும். கேட்டு விளங்கிக்கொள்ளுங்கள், வாயால் வேண்டாம்.

விளங்கிக்கொள்வதில் இலாபம் உண்டு. அம்மா 'றெம்', அப்பா 'றெப்'. மகன் போனில் "என்ர றெப் ரெலூ" என்றபோது நான் நிமிர்ந்து பார்த்தேன். அவனுக்குத் தெரிந்துவிட்டது. இப்போது என்னைத் 'தறோன்' என்கிறான். அது திருப்பின சொல்லே இல்லை, பழைய கொச்சை. கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாதம் போனது.